டிக்கெட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விமானம் ஸ்கூட்: எந்த கவுன்ட்டர், எந்த டெர்மினல்?

கோத்தகிரி_தோட்டக்காரன்

அப்பாவும் அம்மாவும் மெல்போர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. குன்னூரில் ஒரு ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று சொல்லித்தான் பணம் கட்டினோம். இப்போது அனுப்பியிருக்கும் தாளில் இப்படி இருக்கிறது:

```
SQ 8***   CJB - SIN   OPERATED BY SCOOT
SQ 2**    SIN - MEL
```

திரும்பி வரும்போதும் இதே மாதிரிதான், கடைசி விமானம் ஸ்கூட். நான் கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரை கூடப் போவேன், அதற்குப் பிறகு அவர்கள் தனியாகத்தான் போக வேண்டும். பீளமேட்டில் எந்த கவுன்ட்டரில் நிற்பது? சிங்கப்பூரில் டெர்மினல் மாற வேண்டுமா? பெட்டிகளை நடுவில் எடுக்க வேண்டியிருக்குமா? ஏஜென்டிடம் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் சார், போனால் அவர்களே சொல்வார்கள்" என்கிறார்.

கொடை_ஜான்

இதற்குப் பெயர் கோட்ஷேர். ஒருவர் விற்பார், இன்னொருவர் ஓட்டுவார். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விமான எண்ணில் நான்கு இலக்கம் இருந்தால் அது கோட்ஷேர், மூன்று இலக்கமோ அதற்குக் கீழோ இருந்தால் சொந்த விமானம். உங்கள் டிக்கெட்டிலேயே பாருங்கள், முதலாவதில் நான்கு இலக்கம், இரண்டாவதில் மூன்று.

நீங்கள் ஸ்கூட் கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும். தேதி மாற்றுவது, பணம் திரும்பக் கேட்பது எல்லாமே ஸ்கூட்டிடம்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸை இனி மறந்துவிடுங்கள்.

பீளமேடு_பழைய_ஆள்

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் நான், இப்போது அருவங்காட்டில் ஓய்வாக இருக்கிறேன். ஜான் தம்பி சொன்னதில் பாதி சரி.

கவுன்ட்டர் விஷயம் சரி. கோயம்புத்தூரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயரில் கவுன்ட்டரே கிடையாது. அந்தப் பெயரைத் தேடி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்த பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவுன்ட்டருக்கு மேலே இருக்கும் திரையில் ஸ்கூட் என்றோ TR என்று தொடங்கும் எண்ணோ இருக்கும், அங்கே நில்லுங்கள். அதே விமானத்துக்கு ஸ்கூட் தன் பெயரில் விற்கும் எண் TR-இல் தொடங்கும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விற்கும் எண் SQ-இல் தொடங்கும். விமானம் ஒன்று, எண்கள் இரண்டு. போர்டில் SQ எண் வராவிட்டால் விமானம் ரத்தாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். புறப்படும் நேரத்தையும் ஊரையும் வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

நான்கு இலக்கக் கணக்கு மட்டும் நம்ப வேண்டாம். கோட்ஷேர் எண்கள் பெரும்பாலும் நான்கு இலக்கத்தில் வரும், உண்மை. ஆனால் இண்டிகோவின் சொந்த விமானங்களிலேயே நான்கு இலக்க எண்கள் ஏராளம். நம்ப வேண்டியது `OPERATED BY` என்ற அந்த ஒரு வரியை மட்டும்தான். சில ஏஜென்ட்கள் அனுப்பும் தாளில் அந்த வரி பொடி எழுத்தில் அடியில் இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. அப்படி இல்லையென்றால் விற்ற நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் புக்கிங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தேதி மாற்றுவது, ரீஃபண்ட் எல்லாம் டிக்கெட் விற்றவரிடம். அதாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அல்லது அவர்கள் சார்பில் எடுத்துக் கொடுத்த உங்கள் ஏஜென்ட். ஸ்கூட்டைக் கூப்பிட்டால் "இது எங்கள் டிக்கெட் இல்லை" என்றுதான் பதில் வரும். விமானம் கிளம்பும் நாளன்று ஏர்போர்ட்டில் நடப்பவை வேறு. தாமதம், ரத்து, இடம் இல்லை என்பது போன்றவற்றுக்கு அங்கே நிற்கும் ஓட்டும் நிறுவனத்திடம்தான் பேச வேண்டும்.

கோத்தகிரித் தம்பி, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். டிக்கெட் எண் என்று 13 இலக்கம் இருக்கும், புக்கிங் எண் இல்லை. அது எந்த மூன்று இலக்கத்தில் தொடங்குகிறது? இரண்டு விமானத்துக்கும் அதே எண்தானா?

லவ்டேல்_சுந்தரி

பெட்டியை நடுவில் கண்டிப்பாக எடுக்க வேண்டும். போன வருஷம் நான் கோயம்புத்தூரிலிருந்து சென்னை போய், அங்கிருந்து துபாய் போனேன். சென்னையில் பெட்டியை எடுத்து, உள்நாட்டு டெர்மினலுக்கு வெளியே வந்து, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளிநாட்டு டெர்மினலுக்குப் போய் மறுபடியும் போட்டேன். முதல் விமானம் தாமதமாகியிருந்தால் இரண்டாவது போயிருக்கும். வயதானவர்களை இப்படி அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பீளமேடு_பழைய_ஆள்

சுந்தரி அக்கா, உங்களுடையது ஒரே டிக்கெட்டா, இல்லை தனித்தனியாக எடுத்ததா?

லவ்டேல்_சுந்தரி

தனித்தனிதான். அப்படி எடுத்தால் விலை குறைவாக வந்தது.

பீளமேடு_பழைய_ஆள்

அதுதான் வித்தியாசம். உங்களுடையது இரண்டு டிக்கெட், கோட்ஷேரே இல்லை. முதல் நிறுவனத்துக்கு நீங்கள் துபாய் போவதே தெரியாது, அதனால் பெட்டியைச் சென்னை வரைதான் போடுவார்கள். இவர்களுடையதில் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிற மாதிரி தெரிகிறது. அதை உறுதி செய்யத்தான் எண் கேட்டேன்.

கோத்தகிரி_தோட்டக்காரன்

618 என்று தொடங்குகிறது. இரண்டு விமானத்துக்கும் அதே எண்தான், திரும்பி வருவதற்கும் அதே.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். வரும்போது சிங்கப்பூரில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்குகிறார்கள். மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் வந்து இறங்கி, இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூர் கிளம்புகிறார்கள். அதனால் ஏதாவது மாறுமா? அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும், அதை யாரிடம் கேட்பது?

பீளமேடு_பழைய_ஆள்

618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எண். டிக்கெட் அவர்களுடையது, முழுப் பயணமும் அதில் இருக்கிறது. நல்லது. போவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது சுலபம்.

கோயம்புத்தூரில் ஸ்கூட் கவுன்ட்டர் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் போடும்போது ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக MEL என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், நீங்கள் அங்கே நிற்கும்போதே. SIN மட்டும் இருந்தால் அப்போதே கேளுங்கள், பெட்டி பெல்ட்டில் போன பிறகு கேட்டுப் பயனில்லை. இரண்டாவது விமானத்துக்கும் போர்டிங் பாஸ் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கைப்பை எடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்கூட்டில் சாதாரண வகுப்பில் 10 கிலோ வரை அனுமதி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் 7 கிலோ. அடுத்த விமானம் அவர்களுடையது, அதனால் 7 கிலோவுக்குள் கட்டுங்கள். பெரிய பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது டிக்கெட்டில் எழுதியிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்கூட் இணையதளத்தில் போட்டிருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூடுதல் லக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சாங்கியில் ஸ்கூட் டெர்மினல் 1-க்கு வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2-இலிருந்தும் 3-இலிருந்தும் கிளம்பும். பெட்டி மெல்போர்ன் வரை போட்டாகிவிட்டது, அதனால் குடியேற்றப் பக்கம் போகவே வேண்டாம். உள்ளேயே திரையைப் பார்த்து, கேட் எழுத்தை வைத்துப் போய்விடலாம். C, D என்றால் 1. E, F என்றால் 2. A, B என்றால் 3. ஸ்கைட்ரெயின் என்ற சின்ன ரயில் இந்த மூன்றையும் இணைக்கிறது. வீல்சேர் இருந்தால் ஆளே கூட்டிக்கொண்டு போவார்.

வீல்சேரை விற்றவரிடம் கேட்க வேண்டும், ஏஜென்ட் மூலமாகவோ நேரடியாகவோ. கேட்கும்போது "எவ்வளவு நடக்க முடியும்" என்று சொல்லுங்கள். நடக்கலாம், படி ஏறவும் முடியும், தூரம் போகத்தான் முடியாது என்றால் `WCHR`. படி ஏற முடியாது என்றால் `WCHS`. முழங்கால் வலி என்கிறீர்கள், இரண்டாவதைச் சொல்வது நல்லது. பிறகு ஓட்டுபவரிடமும், அதாவது ஸ்கூட்டிடமும், அந்தக் கோரிக்கை அவர்கள் திரையில் தெரிகிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது விழுந்துவிடுகிற விஷயம் இதுதான். டிக்கெட்டில் இருக்கும், ஆனால் கவுன்ட்டர் திரையில் இருக்காது.

திரும்பி வருவதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், சோறு வெந்துவிட்டது.

மேட்டுப்பாளையம்_டாக்ஸி

அண்ணா, கோயம்புத்தூரில் எந்த டெர்மினல் என்ற குழப்பமே கிடையாது, உள்நாடும் வெளிநாடும் ஒரே கட்டடம்தான். துடியலூர் தாண்டி நேராக ஊருக்குள் போகாமல் சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போனால் நெரிசல் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பயணம் என்றால் கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து மூடிவிட்டால் குன்னூர் வழி சுற்ற வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும்போது ஏர்போர்ட்டில் டாக்ஸி எடுத்தால் அந்த வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் வேண்டும். உங்கள் TN 43 வண்டி என்றால் தேவையில்லை.

பீளமேடு_பழைய_ஆள்

சரி, திரும்பி வருவது. உங்கள் கேள்வியில் இதுதான் முக்கியம், ஏஜென்ட் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னது இங்கேதான் கவிழ்த்துவிடும்.

சிங்கப்பூரில் தங்காமல் நேராக வந்திருந்தால் போனது போலவேதான். பெட்டி மெல்போர்னில் CJB என்று சீட்டு ஒட்டி ஏறும், இவர்கள் உள்ளேயே கேட் மாறி ஏறுவார்கள். இரண்டு நாள் தங்குவதால் அப்படி நடக்காது. மெல்போர்னில் பெட்டியை SIN வரைதான் போடுவார்கள், போடவும் வேண்டும். வந்திறங்கும் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அந்த டெர்மினலில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். விசா வேண்டியிருக்கலாம், அதை இப்போதே பார்த்துவிடுங்கள். போகும்போது வெளியே வராததால் தேவைப்படாமல் இருந்தது, வரும்போது தேவைப்படலாம்.

இரண்டு நாள் கழித்து சித்தி வீட்டில் கார் ஏறுகிறார்கள். தாளில் என்ன இருக்கிறது? மேலே பெரிதாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சின்னம், SQ எண். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு SQ என்றால் 2 அல்லது 3, அது அவர்களுக்கு மனப்பாடம். சித்தப்பா கேட்காமலேயே 3-இல் இறக்கிவிடுவார். ஆனால் ஸ்கூட் டெர்மினல் 1-இலிருந்து கிளம்புகிறது. 3-இல் SQ கவுன்ட்டருக்குப் போனால் "இது ஸ்கூட், 1-க்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். பெரிய பெட்டிகள், முழங்கால் வலி, ஒரு மணி நேரத்துக்கு முன் மூடும் கவுன்ட்டர், மூன்றும் அங்கே சேர்ந்துகொள்ளும். வீல்சேர் ஆள் 1-இல் காத்திருப்பார், அம்மா 3-இல் இருப்பார்.

சாங்கியில் இது பெரிய ஆபத்து இல்லை. 1, 2, 3 மூன்றும் பக்கம் பக்கம், ஜுவல் என்ற மால் வழியாக நடந்தும் போகலாம். சரியாக இறக்கிவிட்டால் அந்த அலைச்சலும் மிச்சம். அதனால் சித்திக்கு ஒரு வரி அனுப்புங்கள்: திரும்பும் நாள் டெர்மினல் 1, ஸ்கூட் கவுன்ட்டர். கிளம்புவதற்கு முந்தின நாள் சாங்கி ஏர்போர்ட் தளத்தில் TR எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டெர்மினல்கள் மாற்றப்படுவது உண்டு. ஸ்கூட்டே 2019-இல்தான் 2-இலிருந்து 1-க்கு மாறியது.

கொடை_ஜான்

எண் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன், இண்டிகோவை மறந்துவிட்டேன்.

என் கதையையும் சொல்கிறேன். மதுரையிலிருந்து பெங்களூர், அங்கிருந்து ஐரோப்பா. ஒரே டிக்கெட், விற்றது ஓர் ஐரோப்பிய நிறுவனம், முதல் விமானத்தை ஓட்டியது நம் ஊர் நிறுவனம். மதுரையில் கவுன்ட்டரில் இருந்த பெண் பெட்டியைப் பெங்களூர் வரை போட்டுவிட்டார். நான் கவனிக்கவில்லை. பெங்களூரில் இறங்கி, பெட்டி உள்ளேயே போய்விடும் என்று நினைத்து நேராக அடுத்த கவுன்ட்டருக்குப் போனால் "உங்கள் பெட்டி கீழே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது" என்றார்கள். இண்டிகோ உள்நாட்டு விமானங்கள் அங்கே டெர்மினல் 1, வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் டெர்மினல் 2. திரும்பப் போய், பெட்டியை எடுத்து, பஸ் பிடித்து வந்தேன். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாகப் போகும் என்று சொல்லாதீர்கள், சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பீளமேடு_பழைய_ஆள்

ஆமாம் தம்பி, அதனால்தான் MEL இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரே டிக்கெட் என்றால் போட முடியும், போட்டார்களா என்பது வேறு. உள்நாட்டு விமானத்திலிருந்து வெளிநாட்டு விமானத்துக்கு மாறுவதில் இந்தத் தப்பு அதிகம்.

டெர்மினல் மாறினால் எவ்வளவு தொந்தரவு என்பது ஊரைப் பொறுத்தது. சாங்கியில் கொஞ்ச நேரம். பெங்களூரில் பஸ். டில்லியில் 1-க்குப் போய்விட்டு 3-க்கு வர வேண்டும் என்றால் ஏர்போர்ட்டைச் சுற்றி ரோட்டில் வர வேண்டும், விமானமே போய்விடும். நியூயார்க்கில் ஏர் பிரான்ஸ் டிக்கெட்டில் டெல்டா ஓட்டுகிற விமானம் இருந்தால் டெல்டா இருக்கும் 4-க்குப் போக வேண்டும், ஏர் பிரான்ஸ் பெயரைப் பார்த்து வேறு டெர்மினலில் இறங்கினால் அலைச்சல்தான்.

குன்னூர்_ரேவதி

இடம் தேர்ந்தெடுப்பது எப்படி? நானும் இதே மாதிரி டிக்கெட்தான் எடுத்தேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்தில் முதல் விமானத்துக்கு மட்டும் சீட் வரைபடமே திறக்கவில்லை.

கொடை_ஜான்

எனக்கும் வேறு நிறுவனத்தில் அப்படித்தான். ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் என் புக்கிங் எண்ணைப் போட்டால் "இல்லை" என்றது.

பீளமேடு_பழைய_ஆள்

புக்கிங் எண் இரண்டு இருக்கலாம், அதுதான் காரணம். விற்றவரிடம் ஒன்று, ஓட்டுபவரிடம் இன்னொன்று. விற்றவரைக் கூப்பிட்டு "ஓட்டும் நிறுவனத்தின் புக்கிங் எண் கொடுங்கள்" என்று கேளுங்கள், அவர்கள் திரையில் இருக்கும். அதை வைத்து மறுபக்கத் தளத்தில் திறந்து பார்க்கலாம்.

குன்னூர்_ரேவதி

கேட்டு வாங்கினேன் சார். திறந்தது, ஆனால் சீட்டுக்குப் பணம் கேட்டது. டிக்கெட்டிலேயே சீட் இலவசம் என்று ஏஜென்ட் சொன்னாரே.

நடுநிலை_படகா

என் மாமாவுக்குப் பணம் இல்லாமல் கவுன்ட்டரிலேயே பக்கத்துப் பக்கத்து இடம் கொடுத்தார்கள்.

குன்னூர்_ரேவதி

கவுன்ட்டரில் கொடுப்பது அதிர்ஷ்டம். கட்டணமா இலவசமா என்பதுதான் என் கேள்வி.

பீளமேடு_பழைய_ஆள்

இதை என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது அம்மா. விற்ற டிக்கெட்டின் வகை எது என்பதைப் பொறுத்து மாறும். விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கவுன்ட்டரில் திரையில் என்ன வருகிறதோ அதைத்தான் பார்த்தோம்.

நடுநிலை_படகா

கேட்கவே கூடாதா தெரியவில்லை: ஆஸ்திரேலியாவுக்கு வர்க்கி எடுத்துப் போகலாமா?

நெறியாளர்

வர்க்கிக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

கோத்தகிரி_தோட்டக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வீல்சேரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போட்டுவிட்டோம், ஸ்கூட்டைக் கூப்பிட்டுக் கேட்டதில் திரும்பி வரும் விமானத்துக்கு மட்டும் அவர்கள் திரையில் இல்லை என்றார்கள். திரும்பவும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சித்திக்கு "டெர்மினல் 1, ஸ்கூட்" என்று அனுப்பிவிட்டேன். சித்தப்பா பதிலுக்கு "SQ என்றால் 3-தான், எனக்குத் தெரியாததா" என்று அனுப்பியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். திரும்பி வரும்போது கோயம்புத்தூரில் பெட்டி வராவிட்டால் யாரிடம் போவது? மெல்போர்னில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் கொடுத்த பெட்டி அல்லவா?

பீளமேடு_பழைய_ஆள்

நடுவில் சிங்கப்பூரில் கையில் எடுத்து மறுபடி போடுகிறார்களே, அதனால் ஸ்கூட்தான். நேராக வந்திருந்தாலும் கடைசியாகக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்தின் ஆளிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே. அந்தப் புகார்த் தாளின் எண்ணும் பெட்டிச் சீட்டின் துண்டும் இல்லாமல் மலை ஏறிவிட்டால், அப்புறம் போனில் யாரும் பேச்சையே எடுக்க மாட்டார்கள். பெட்டி உடைந்து வந்தால் எழுத்தில் கொடுக்க ஏழு நாள்தான் கெடு.

சித்தப்பாவுக்கு `OPERATED BY SCOOT` வரியை வட்டம் போட்டுப் படமாக அனுப்புங்கள்.